வாசித்தாயிற்று, பதில் போட்டாயிற்றா?

கிளிநொச்சியில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஆறு பேருக்கும் ஒரே ஜிமெயில் கணக்கு. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது, கண்டாவளைப் பக்கக் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டுத் தரும்படி ஒரு மடல் வந்தது. தம்பி ஒருவர் கைபேசியில் அதைத் திறந்து வாசித்துவிட்டு, பிறகு பதில் எழுதலாம் என்று விட்டார். வாசிக்காத மடல் தடித்த எழுத்தில் நிற்கும். அவர் திறந்ததும் அந்தத் தடிப்பு எங்கள் எல்லோருடைய திரையிலும் போய்விட்டது. யாரோ கவனித்துவிட்டார்கள் என்று மற்ற ஐந்து பேரும் நினைத்தோம். நாலாம் நாள் அங்கிருந்து தொலைபேசி வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதன் பிறகு சுற்றறிக்கை ஒன்று எழுதினோம். மடலைத் திறந்தவர் லேபிள் போடாமல் அதை விட்டு வெளியேறக்கூடாது என்பதே அதன் முதல் விதி.

லேபிள் என்பது கோவை அல்ல. கச்சேரியில் ஒரு கடிதத்தை ஒரு கோவைக்குள்தான் போடலாம். கண்டாவளைக் கோவையில் போட்டால் கிணற்றுக் கோவையில் அது இராது. 2004 இல் ஜிமெயில் வந்தபோதே கோவைகளுக்குப் பதிலாக லேபிளைத்தான் வைத்தார்கள். மடல் ஒன்றுதான், அதன்மேல் எத்தனை சிட்டை வேண்டுமானாலும் ஒட்டலாம். எங்கள் கிணற்று மடலுக்கு மூன்று போதும்: `இடம்/கண்டாவளை`, `வேலை/கிணறு`, `நிலை/பதில்-வேண்டும்`. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளது தாய் லேபிள், பின்னால் உள்ளது அதன் பிள்ளை.

முதல் இரண்டையும் ஃபில்டர் தானாகவே ஒட்டிவிடும். அனுப்பியவரின் முகவரியையோ மடலில் உள்ள சொல்லையோ கொடுத்து வைத்தால் போதும். நிலையை மட்டும் கையால்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் பொறுப்பெடுத்தது யார், வேலை முடிந்ததா என்பது மடலின் எழுத்தில் இல்லை. பதில் அனுப்பியவரே `நிலை/பதில்-வேண்டும்` என்பதைக் கழற்றி `நிலை/முடிந்தது` என்று போடுவார்.

காலையில் முதலில் வருபவர் தேடல் பெட்டியில் இதைத் தட்டுவார்:

```
in:inbox has:nouserlabels
```

லேபிளே இல்லாத மடல்கள் வரிசையாக வரும். அதில் பழைய உரையாடல் ஒன்றும் தலைகாட்டினால் பிழை என்று நினைக்க வேண்டாம். லேபிள் தனித்தனி மடலில்தான் ஒட்டுகிறது, முழு உரையாடலிலும் அல்ல. `நிலை/முடிந்தது` என்று நாங்கள் மூடிய உரையாடலில் கண்டாவளையிலிருந்து ஃபில்டரில் சிக்காத ஒரு பதில் மறுபடி வந்தால், அந்தப் புது மடல் வெறுமையாக நிற்கும். தேடல் அதைப் பிடித்துத் தருவது எங்களுக்கு நல்லதுதான். இல்லாவிட்டால் 'முடிந்தது' என்ற சொல்லை நம்பி அதைத் திறக்காமலே இருந்திருப்போம்.

எங்களுக்கு அதிகம் சேதம் செய்தது அழிக்கும் பொத்தான். `வேலை/கிணறு` பகுதியில் மடலைப் பார்த்த ஒருவர், கண்டாவளைப் பகுதியிலும் அது இருக்கிறதே, இது பிரதிதானே என்று அழித்துவிட்டார். இரண்டு இடத்திலும் தெரிந்தது ஒரே மடல் என்பதால் இரண்டிலிருந்தும் அது போய்விட்டது. குப்பைப் பகுதியில் 30 நாள்தான் கிடக்கும்; நல்லவேளை, அதற்குள் கண்டு மீட்டெடுத்தோம். ஒரு பகுதியில் மடல் வேண்டாம் என்றால் அந்த லேபிளை மட்டும் கழற்ற வேண்டும் என்று சுற்றறிக்கையில் பிறகு ஒரு வரி சேர்த்தோம்.