வரிசைப்படுத்தாமலே பெரிய இடைவெளி

23, 5, 30, 2, 9. இவற்றை வரிசைப்படுத்தினால் அடுத்தடுத்த எண்களுக்கிடையே வரும் மிகப் பெரிய இடைவெளி எவ்வளவு? வரிசைப்படுத்தாமலே கண்டுபிடிக்கச் சொன்னார் ஆசிரியர்.

2 முதல் 30 வரை தூரம் 28. ஐந்து எண்களுக்கு நான்கு இடைவெளிகள், சராசரி 7. எல்லா இடைவெளிகளும் சராசரியைவிடச் சிறியதாக இருக்க முடியாது. இதுதான் புறாக்கூண்டுக் கொள்கை. ஆகவே விடை 7க்குக் குறையாது.

2இலிருந்து ஏழேழு எண்களாகப் பெட்டிகள் பிரித்தேன். ஒரே பெட்டிக்குள் வித்தியாசம் 6ஐத் தாண்டாது. விடை பெட்டிகளுக்கு இடையில்தான். ஒவ்வொன்றிலும் சிறியதையும் பெரியதையும் மட்டும் குறித்தால் போதும்.

முதலில் 7 என்றேன். தவறு! 16 முதல் 22 வரையிலான பெட்டி காலி என்பதால் அங்கே ஒப்பிடவே இல்லை. அதைத் தாண்டி 9ஐயும் 23ஐயும் ஒப்பிட்டதும் 14 கிடைத்தது.

எண்கள் இருமடங்கானால் இம்முறையில் வேலையும் இருமடங்குதான். வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் அதைவிடக் கூடும்.