அக்காவிடம் விட்டுவந்த எட்டாயிரம்

வேளச்சேரியில் ஒரே வாடகை வீட்டில் ஐந்து வருடம் என்னோடு இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை, இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். எனக்கு மதுரையில் வேலை கிடைத்தபோது, கிளம்பும் நாளில் கொடுக்க ஒரு புடவை எடுத்து வைத்தேன். அதற்கு முன் அட்வான்ஸ் கணக்கை நேர் செய்ய உட்கார்ந்தோம்.

வாடகை 16,000. அட்வான்ஸ் 80,000, ஆளுக்கு 40,000 போட்டிருந்தோம். வீடு மொத்தமாகக் காலியாகும்போதுதான் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தருவார். அதனால் ஒருவர் மட்டும் கிளம்பினால், புதிதாக வருபவர் அந்தப் பங்கைக் கிளம்புகிறவரிடம் கொடுப்பது வழக்கம். நானும் 40,000 வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆனால் காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து வருடம் சுவரை அழுக்காக்கியதில் எனக்கும் பாதி உண்டு. நான் முழுத் தொகையோடு போய்விட்டால், என் பங்கு 8,000 அக்கா தலையிலோ புதிதாக வரும் பெண் தலையிலோதான் விழும். அதனால் அந்தப் பெண்ணிடம் 32,000 மட்டும் வாங்கிக்கொண்டு, காரணத்தை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைச் சேர்க்க வீட்டுக்காரரிடமும் சொன்னோம்.

கரண்ட் பில்லில்தான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுப்பார்கள். முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணமில்லை. அதற்குமேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். இடையில் கிளம்புகிறவர் தான் இருந்த நாட்களுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால், இலவச யூனிட்டும் குறைந்த விலையும் அவருக்கே போய்விடும். கூடுதல் விலை இருப்பவர்கள் மீது விழும். நான் கிளம்பிய அன்று மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன். பில் வந்தபோது மொத்தம் 400 யூனிட். என் நாள் வரை 220. மொத்தத் தொகையை 400ஆல் வகுத்து, 220 யூனிட்டுக்கு வந்ததில் பாதியை அனுப்பினேன்.

கணக்கு முடிந்த பிறகுதான் பேச வாய் வந்தது. கூடவே இருப்பவரிடம் நன்றி என்று சொன்னால் அந்நியமாகத் தொனிக்கும். நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. அதனால் கடிதமாக எழுதினேன். ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதவில்லை. எனக்கு டெங்கு வந்தபோது இரவு டியூட்டி முடித்து வந்து, தூங்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்தது. எனக்குச் சம்பளம் வராத இரண்டு மாதமும் முழு வாடகையைக் கட்டிவிட்டு, ஒரு முறைகூடக் கேட்காமல் இருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்தபோதெல்லாம் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தது. இந்த மூன்றையும் மட்டும் எழுதினேன்.

புடவையை அக்கா பீரோவில் வைத்துவிட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு, “கட்டில் விஷயமெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியாடி?” என்று கேட்டார்.