0.9 என்றால் 90 சதவீதமா?

காட்டில் ஒலிப்பதிவுக் கருவியை மரத்தில் கட்டிவிட்டு வந்தால் வாரக்கணக்கில் சத்தம் சேரும். அத்தனையையும் மனிதர் உட்கார்ந்து கேட்க முடியாது. அதனால் பேர்ட்நெட் என்ற மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது. ஒலியை 3 விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தப் பறவையின் குரல் இருக்கிறதென்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும்.

ஓர் ஆந்தைக்கு 0.9 என்று வந்தால், அது ஆந்தையாக இருக்க 90 சதவீத வாய்ப்பு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வது தவறு. பயிற்சியில் கேட்ட குரலோடு இந்தத் துண்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அந்த எண் காட்டுகிறது. அந்த ஆந்தை அங்கே அரிதா, ஏராளமா என்பது அதற்குத் தெரியாது. பறவை அரிதாக இருந்தால், தவளையும் காற்றும் தூரத்து நாயும் கிளப்பும் பொய்க் குரல்களே உயர்ந்த மதிப்பெண்களிலும் நிறைந்துவிடும்.

கானர் உட், ஸ்டீபன் கால் என்ற ஆய்வாளர்கள் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். மென்பொருள் ஆந்தை என்று காட்டிய துண்டுகளில் சில நூறை எடுக்க வேண்டும். உயர்ந்த மதிப்பெண் பெற்றவை மட்டும் போதாது. தாழ்ந்தவை, நடுத்தரமானவை எல்லாம் கலந்திருக்க வேண்டும். குரல் தெரிந்தவர் ஒவ்வொன்றையும் கேட்டு, சரி என்றால் 1, இல்லையென்றால் 0 எழுதுவார். அவருக்கு மதிப்பெண்ணைக் காட்டக் கூடாது என்பேன். பார்த்தால் காது அதன் பக்கம் சாயும்.

பிறகு லாஜிஸ்டிக் வளைகோடு பொருத்துகிறார்கள். மதிப்பெண்ணை முதலில் லாஜிட்டாக, அதாவது `x = ln(s/(1-s))` என்று மாற்ற வேண்டும். மாதிரிக்கு ஒரு கணக்கு: பொருத்தியதில் `p = 1/(1+exp(-(-2+1.5x)))` என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 0.7 மதிப்பெண்ணுக்கு உண்மையான வாய்ப்பு சுமார் 33 சதவீதம். 0.9-க்கு சுமார் 79. நமக்கு 95 சதவீத உறுதி வேண்டுமானால் 0.965-க்கு மேல் வந்த துண்டுகளை மட்டுமே ஏற்க வேண்டும். வேறொரு பறவைக்கு இதே 95 சதவீதம் 0.4-இலேயே கிடைக்கலாம். எல்லாப் பறவைக்கும் ஒரே எல்லை வைப்பது அதனால்தான் செல்லாது.

வளைகோடு சரியா என்று சோதிக்க, பொருத்தும்போது சேர்க்காமல் கொஞ்சம் துண்டுகளைத் தனியே வைத்திருக்க வேண்டும். 70 சதவீதம் என்று கணக்கு சொன்ன துண்டுகளில் பத்துக்கு ஏழு உண்மையாக இருந்தால் நம்பலாம். நான்குதான் என்றால் வளைகோடு பொய் சொல்கிறது.

இடமோ பருவமோ கருவியோ மாறினால் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். மென்பொருள் கண்டுகொள்ளாமல் விட்ட குரல்களைப் பற்றி இந்த வளைகோடு எதுவும் சொல்லாது. அதை அறிய, மென்பொருள் காட்டியதை விட்டுவிட்டு முழு ஒலிப்பதிவிலிருந்தே சில மணி நேரத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.