தனிவணிகம் தனியார் கம்பனியாகும்போது



விசுவமடுவிலே, பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரமாக, ஒருவர் தமது சொந்தப் பெயரில் அரிசி ஆலையொன்றை நடத்தி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மைத்துனர் 13 இலட்சம் ரூபாவை முதலிட்டு அத்தொழிலிற் சேர விரும்புகிறார். இருவரும் ஆலையைத் தனியார் கம்பனியாக மாற்றத் தீர்மானிக்கின்றனர்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிவுபெற்ற கம்பனி, சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். ஆகவே ஆலை வெறுமனே பெயர் மாறுவதில்லை. உரிமையாளர் அதனைக் கம்பனிக்கு விற்கிறார். கம்பனி ஈடாகக் கொடுக்கும் விலையே கொள்வனவுப் பிரதிபயன் எனப்படும். விற்பவரும் கம்பனியை ஆள்பவரும் ஒருவரேயாதலால், விலைபேசி மறுப்பதற்கு எதிர்த்தரப்பு இல்லை. சிக்கல் தொடங்குமிடம் இதுவே.

முதலிலே தேறிய சொத்தைக் காண்போம். ஆலை இயந்திரங்கள் ஏட்டில் 12 இலட்சமாக இருப்பினும், இன்றைய நியாய மதிப்பு 15 இலட்சம் என்க. நெல், அரிசி இருப்பு 20 இலட்சம். கடைக்காரர் தரவேண்டியது 6 இலட்சம். அதில் ஓர் இலட்சம் வருவது ஐயம், எனவே 5 இலட்சமே கொள்ளத்தகும். மொத்தம் 40 இலட்சம். கம்பனி ஏற்கும் வங்கிக் கடனும், நெல் தந்த விவசாயிகளுக்குக் கொடுக்கவேண்டியதும் 10 இலட்சம். இதனைக் கழிக்கத் தேறிய சொத்து 30 இலட்சமாகும்.

இங்கே இரு எச்சரிக்கைகள் உண்டு. வங்கி எழுத்துமூலம் இசையாதவரை, பழைய கடனுக்கு உரிமையாளரே தொடர்ந்து பொறுப்பாளி. அன்றியும், வன்னிக் குடியேற்றத் திட்டங்களிற் பல காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அநுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை அநுமதியின்றிக் கைமாற்ற இயலாது. ஆலை அத்தகைய நிலத்தில் நின்றால், நிலத்தின் பெறுமதியைக் கணக்கிற் சேர்த்தலாகாது. நமது உதாரணத்தில் அதனை நாம் சேர்க்கவில்லை.

இனி நன்மதிப்பு. வழக்கமான இலாபத்துக்கு மேலாக வரும் மிகை இலாபத்துக்குக் கொடுக்கும் விலையே அது. ஆலையின் கடந்த மூன்றாண்டு இலாபம் முறையே 14, 15, 16 இலட்சம். சராசரி 15 இலட்சம். 2022இல் நெல்விலை திடீரென ஏறியதுபோன்ற அசாதாரண ஆண்டின் இலாபத்தைச் சராசரியிற் கலத்தல் தவறு.

உரிமையாளர் நாள்தோறும் ஆலையில் உழைத்தும் தமக்குச் சம்பளம் எழுதுவதில்லை. அவருக்குப் பதிலாக ஒரு முகாமையாளரை அமர்த்தினால் மாதம் 60,000 ரூபா, ஆண்டுக்கு 7.2 இலட்சம் கொடுக்கவேண்டும். அதனைக் கழித்தால் மெய்யான இலாபம் 7.8 இலட்சமே. இத்தகைய தொழிலில் முதலுக்கு 16 வீதம் வருவாய் நியாயமெனக் கொண்டால், 30 இலட்சத்துக்கு அது 4.8 இலட்சம். எஞ்சும் மிகை இலாபம் 3 இலட்சம். அது மூன்றாண்டுகள் நிலைக்குமென எதிர்பார்த்தால் நன்மதிப்பு 9 இலட்சம். கொள்வனவுப் பிரதிபயன் 39 இலட்சம்.

சம்பளத்தைக் கழிக்க மறந்தால் என்ன நேரும்? மிகை இலாபம் 10.2 இலட்சமாகவும், நன்மதிப்பு 30.6 இலட்சமாகவும், விலை 60.6 இலட்சமாகவும் வீங்கும். முழு விலையும் பங்குகளாகவே வழங்கப்பட்டால், 13 இலட்சம் ரொக்கமிட்ட மைத்துனர் முதற்கணக்கில் நாலிலொரு பங்குக்கு உரியவர். இரண்டாவதில் ஐந்திலொரு பங்குகூட அவருக்கில்லை. விலையின் ஒரு பகுதி கடனாக எழுதப்பட்டால், கம்பனி பிறக்கும்போதே அந்தச் சுமையுடன் பிறக்கும்.

இதற்கு வரலாற்றுச் சான்று இலண்டனில் உண்டு. சப்பாத்து உற்பத்தியாளரான ஆரன் சலமன் 1892இல் தமது தொழிலைத் தாமே அமைத்த கம்பனிக்கு ஏறத்தாழ 39,000 பவுணுக்கு விற்றார். அதில் 20,000 பவுண் பங்குகள். 10,000 பவுண் கம்பனிச் சொத்தின்மீது முன்னுரிமையுள்ள தொகுதிக்கடன். அடுத்த ஆண்டே கம்பனி நொடித்தது. பிணையின்றிக் கடன்கொடுத்தோருக்கு எதுவும் எஞ்சவில்லை. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை, கம்பனி வேறு, சலமன் வேறு என்று தீர்த்து, அவர்மீது பொறுப்பைச் சுமத்த மறுத்தது. ஆயினும் அந்த விலை, தொழிலில் பற்றுமிக்க உரிமையாளர் ஒருவரின் மிகையான நம்பிக்கையால் எழுந்தது என்பதை நீதிபதிகளே சுட்டினர்.

ஆகவே கணக்கு முடிந்தபின் அதனைத் திருப்பிச் சோதித்தல் நலம். சம்பளம் போக வரும் 7.8 இலட்சம், 39 இலட்சத்துக்கு 20 வீதமாகிறது. நியாயமான 16 வீதத்தை அது தாண்டுகிறது. 60.6 இலட்சத்துக்கோ 13 வீதம்தானும் தேறாது. நன்மதிப்புக்கென விலைகொடுத்த பின்னர் வருவாய் சாதாரண வீதத்திலும் தாழ்ந்துவிடுமானால், அங்கே வாங்கப்பட்டது நன்மதிப்பன்று. உரிமையாளரின் ஊதியமில்லா உழைப்பே. அந்த உழைப்புக்குக் கம்பனி இனி மாதந்தோறும் சம்பளமும் கொடுத்தாக வேண்டும்.