சூடான இன்ஜின்

போன மாதம் தம்பிக்குப் பழைய ஸ்கூட்டர் பார்க்க நானும் கூடப் போனேன். ஐந்து வருஷத்து வண்டி, ஒரே ஓனர், சொன்ன விலை ஐம்பதாயிரம். தம்பி முதலில் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோனான். சுட்டது.

"எங்கயாவது போய்ட்டு வந்தீங்களாண்ணே?"

"கடைக்குப் போனேன் தம்பி. ஏன்?"

"சூடா இருக்கிற வண்டி எப்பவும் உடனே ஸ்டார்ட் ஆகும்."

"ஒரு குறையும் இல்லப்பா. ஆயில் எல்லாம் நேரத்துக்கு மாத்தியிருக்கேன்."

"இருக்கலாம்ணே, எனக்கு எப்படித் தெரியும்? நாற்பதுன்னா இப்பவே எடுத்துக்கிறேன்."

"நல்ல வண்டிக்கு நாற்பதா? அதுக்கு நானே வெச்சு ஓட்டிக்குவேன்."

இரண்டு பேர் பேச்சிலும் தப்பில்லை. சிக்கலே அதுதான். நல்ல வண்டி ஐம்பதாயிரம் பெறும், கெட்டது முப்பதாயிரம்தான் பெறும் என்று வையுங்கள். எது எதுவென்று தெரியாதவர் நடுவில் நாற்பதைத்தான் கேட்பார். நாற்பத்தைந்துக்குக் கீழே தர மனமில்லாத நல்ல வண்டிக்காரர் விலகிவிடுவார். கெட்ட வண்டிக்காரருக்கோ நாற்பது கொண்டாட்டம். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது கெட்டதுதான் என்று புரிந்ததும், வாங்குபவர் முப்பதுக்கு மேல் தரமாட்டார். 1970-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை வைத்து இதைத்தான் விளக்கினார். பழுதான காரை அங்கே 'எலுமிச்சை' என்பார்கள். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, வேறு இருவருடன் சேர்த்து.

பொய்யே சொல்லாத ஆளும் இதில் நஷ்டப்படுகிறார். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

ஆர்சி-யில் கடன் பாக்கி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், பேசிக் குறைத்துக்கொள்ளலாம். வால்வு சீல் போயிருந்தால் அப்படித் தெரியாது. ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை குப்பென்று வந்து, சற்று நேரத்தில் நின்றுவிடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் அந்தப் புகையை நாம் பார்க்கவே முடியாது.

கொஞ்ச நேரம் யோசித்த அவர், "நாளைக்கு ஆறு மணிக்கு வா. நான் சாவியே போடமாட்டேன். உன் மெக்கானிக்கையும் கூட்டிட்டு வா" என்றார்.

வால்வு சீல் போன வண்டிக்காரர் இப்படிக் கூப்பிடத் தயங்குவார். சோதனைக்கு முன்னாலேயே அந்த வார்த்தை தம்பிக்குப் பாதி தைரியம் கொடுத்துவிட்டது.

மறுநாள் இன்ஜின் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது அழுத்தலில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றி பெல்ட்டை வளைத்துக் காட்டினார். பல்லுக்குப் பல் மயிரிழை வெடிப்பு.

"இது எனக்கே தெரியாது தம்பி" என்றார் அவர். பெல்ட் செலவைக் கழித்து நாற்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது.