மைக் முன் முதல் பத்து விநாடி

மேடை நடுக்கம் பேச்சு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நம் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே இதயத் துடிப்பு ஏறத் தொடங்குகிறது. எழுந்து போய் வாயைத் திறக்கும்போது உச்சத்துக்குப் போகிறது. பேசப் பேச இறங்குகிறது. பேசுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்த அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் நடுங்குகிறவருக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவது தொடக்கத்தில்தான்; அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டால் உடம்பே வழிக்கு வரும்.

அந்த உச்ச நேரத்தில் அட்ரினலின் சுரந்திருக்கும். மூச்சு வயிற்றிலிருந்து வராமல் மேல் நெஞ்சிலேயே நிற்கும், நாக்கு உலரும். குரல் நாண்களுக்குக் கீழிருந்து வரும் காற்று சீராக இல்லாததால் குரல் நடுங்கும். மூளைக்கும் அப்போது வேலை அதிகம். அடுத்து என்ன சொல்வது, எந்தச் சொல்லைப் போடுவது, எதிரே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. தகவல்களைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்த நினைவுக்கு இடம் மிகக் குறைவு. பயம் பாதியை எடுத்துக்கொண்டால் சொல் தேட இடமிருக்காது. முதல் இரண்டு வாக்கியங்களை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். அவற்றைச் சொல்லும்போது எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நாக்குக்குப் பழகிய பாதையில் சொற்கள் தாமாக வரும்.

கருத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 'தண்ணி சரியா வர்றதில்ல' என்றும் சொல்லலாம், 'தண்ணிக்கு ரொம்பச் சிரமமா இருக்கு' என்றும் சொல்லலாம் என்றிருந்தால், மைக் முன்னால் போய் நின்ற பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும். எந்த வேலையைத் தவிர்க்க நினைத்தோமோ அதே வேலை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அவற்றில் ஒன்று. அன்று தன் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையைப் பேச மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் தயாராகிறார். கூட்டத்தில் அவர் பேசுவது இதுவே முதல் முறை. முந்தின நாள் நோட்டில் இப்படி எழுதுகிறார்: 'மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, அதிகாரிகளே, ஊர்ப் பெரியோர்களே, எங்கள் பகுதியில் நீண்ட காலமாக நிலவி வரும் குடிநீர்ப் பற்றாக்குறை தொடர்பாகச் சில கருத்துகளைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.'

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்த மூச்சு இவ்வளவு நீளத்துக்குத் தாங்காது. விளிப்பிலேயே யாரை விட்டுவிட்டோமோ என்ற கவலை வேறு வந்து சேரும். இதைவிடப் பெரிய சிக்கல், இது அவர் பேசும் தமிழ் இல்லை. அடுத்த வாக்கியத்தில் பேச்சுத் தமிழுக்கு இறங்கியாக வேண்டும், அந்த இறக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தமிழில் பேசத் தயாராகும் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. பட்டிமன்றம் போன்ற மேடையில் செந்தமிழில்தான் பேசப் போகிறோம் என்றால் மனப்பாடமும் செந்தமிழில் இருக்கட்டும். வீட்டுத் தமிழில் பேசப் போகிறவர் வீட்டுத் தமிழிலேயே மனப்பாடம் செய்ய வேண்டும்.

அவருடைய தொடக்கத்தை இப்படி மாற்றலாம். 'எல்லாருக்கும் வணக்கம்.' சிறிது இடைவெளி. 'எங்க கிழக்குத் தெருவுல குழாய்த் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருது. அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் வருது.' வணக்கம் எப்படியும் நாவில் பழகியது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மனப்பாடம் பின்னால் வரும் இரண்டு வாக்கியங்கள்தான். இரண்டும் பத்துச் சொற்களுக்குள் அடங்கி ஒரே மூச்சில் முடிகின்றன. இரண்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்த உண்மைகள், யாரும் மறுக்க முடியாதவை. தலைவர், அதிகாரிகளைப் பெயர் சொல்லி விளிப்பது அந்த ஊர் வழக்கமாக இருந்தால், பெயர்களைச் சீட்டில் எழுதிப் பார்த்தே வாசித்துவிடலாம். பெயர்ப் பட்டியலைப் பார்த்து வாசிப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு வாக்கியம் எதற்கு, ஒன்று போதாதா? முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கும், அதுவும் ஒலிபெருக்கியில். இரண்டாவதில்தான் காது அதற்குப் பழகுகிறது. தவிர, இரண்டாவது வாக்கியம் பேச்சுக்குள் இறங்கும் படி. 'ராத்திரி பதினோரு மணி' என்று சொன்னதுமே, அந்த நேரத்தில் யார் விழித்திருந்து பிடிக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று மூன்றாவது வாக்கியம் வாழ்க்கையிலிருந்தே வந்துவிடும். இரண்டாவது வாக்கியம் அப்படி எதையும் எழுப்பவில்லை என்றால் அதை மாற்றி எழுத வேண்டும்.

பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யக் கூடாதா என்ற கேள்வி எப்போதும் வரும். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்பதால், நடுவில் ஒன்று அறுந்தால் பின்னால் உள்ளது எல்லாம் போய்விடும். பள்ளி ஆண்டு விழாக்களில் குழந்தைகள் பாதியில் நின்று அழுவது பெரும்பாலும் இதனால்தான். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

பழகுவது மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு. நின்றுகொண்டு, மேடையில் பேசும் அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஐம்பது தடவை சொல்வதைவிட, காலையில் சில தடவை, சமைக்கும்போது சில தடவை, படுக்கும் முன் சில தடவை என்று இடைவெளி விட்டுச் சொன்னால் நன்றாகத் தங்கும். தங்கிவிட்டதா என்பதையும் சோதிக்கலாம். மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே சொல்லிப் பாருங்கள். அரிசி களைந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். பாதியில் யாரையாவது ஏதாவது கேட்கச் சொல்லி, பதில் சொன்ன கையோடு முதலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மூன்றிலும் சொல் மாறாமல் வந்தால் மேடையிலும் வரும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு வேகம். நன்றாகப் பழகிய வாக்கியம் தானாக ஓடும், அந்த ஓட்டம் மூன்றாவது வாக்கியத்தையும் இழுத்துக்கொண்டு போய்த் திணறவைக்கும். அதனால் நிறுத்தத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். வணக்கத்துக்குப் பிறகு ஒரு முழு மூச்சு. இரண்டாவது வாக்கியம் முடிந்ததும் இன்னொன்று, அப்போது தெரிந்த முகம் ஒன்றைப் பார்ப்பது. கடைசி நேரத்தில் வாக்கியத்தை அழகுபடுத்த மாற்றுவது இன்னொரு தவறு. முந்திப் பேசியவர் அதே விஷயத்தைச் சொல்லிவிட்டாலும் மாற்ற வேண்டாம். வேறொரு வீட்டிலிருந்து அதே குறை வரும்போது அதற்கு எடை கூடத்தான் செய்யும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. திக்கிப் பேசுகிறவர்கள் பலர், தடைபடும் சொல் வரும்போது வேறு சொல்லுக்கு மாறிச் சமாளிக்கிறார்கள். இந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குச் சுமையாகலாம். பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டுச் செய்வது நல்லது. நாலு பேர் முன் நிற்பதை நினைத்தாலே வேலையையும் கூட்டங்களையும் தவிர்க்கும் அளவுக்குப் பயம் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை.

கூட்டத்தில் மைக் கீச்சிடலாம், யாராவது நடுவில் 'சத்தமா பேசும்மா' என்று குரல் கொடுக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றால் அந்தச் சொல் கிடைக்காமல் போகலாம், பழகியது முதல் சொல்லிலிருந்துதானே. 'மறுபடி சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து, 'எங்க கிழக்குத் தெருவுல' என்று முதலிலிருந்தே தொடங்கிவிட வேண்டும். கேட்கிறவர்களுக்கும் இப்போதுதான் முழுதாகக் கேட்கும்.