மின்சாரம் போனபோது என்ன நடந்துகொண்டிருந்தது?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் மனப்பாடம் செய்யும் ஆங்கில இலக்கணச் சூத்திரம் ஒன்று உண்டு: 'வைல்' வந்தால் பாஸ்ட் கன்டினியுவஸ், 'வென்' வந்தால் சிம்பிள் பாஸ்ட். இது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் மதிப்பெண் போகிறது.

ஒரு கேள்வியைப் பாருங்கள். 'வென் த பவர் வென்ட் ஆஃப், வீ ______ த மேட்ச்.' நிரப்பவேண்டிய வினைச்சொல் 'வாட்ச்'. அடுத்த கேள்வியின் தொடக்கமும் அதேதான்: 'வென் த பவர் வென்ட் ஆஃப், வீ ______ எ கேண்டில்.' இங்கே வினைச்சொல் 'லைட்', அதாவது ஏற்றுவது. இரண்டிலும் 'வென்' இருக்கிறது, விடையோ வேறுவேறு.

சூத்திரத்தை மறந்துவிட்டு, மின்சாரம் போன அந்த நொடியில் நில்லுங்கள். மேட்ச் பார்ப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, நடுவில் தடைபட்டது. ஆகவே 'வேர் வாட்சிங்'. மெழுகுவர்த்தி ஏற்றியதோ மின்சாரம் போன பிறகு. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டு செயல்கள் என்பதால் 'லிட்'. இங்கே 'வேர் லைட்டிங்' என்று எழுதினால், கரண்ட் போவதற்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள் வந்துவிடும்!

ஆக, 'வென்' இருக்கும் பகுதியை மட்டும் பார்த்து மறுபாதியின் காலத்தை முடிவுசெய்ய முடியாது. அந்தச் செயல் முன்பே ஓடிக்கொண்டிருந்ததா, அதன் பின் நடந்ததா என்பதே கேள்வி.

சில தாள்களில் வினைச்சொல்லுக்குப் பதில் இணைப்புச் சொல்லையே கேட்பார்கள். 'ஐ வாஸ் ரீடிங் ______ த பெல் ராங்.' மணி அடிப்பது சட்டென முடிந்துவிடும் செயல், அதன் முன் 'வென்'தான் பொருந்தும். அதையே திருப்பி, '______ ஐ வாஸ் ரீடிங், த பெல் ராங்' என்று கேட்டால் 'வைல்' எழுதுங்கள். இங்கே 'வென்' போட்டாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நீண்டுகொண்டிருக்கும் செயலுக்கு 'வைல்' என்பதையே பெரும்பாலான விடைக்குறிப்புகள் எதிர்பார்க்கும். இரண்டு செயல்களும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் ஓடினால், இருபக்கமும் கன்டினியுவஸ் வரலாம்: 'வைல் மதர் வாஸ் குக்கிங், ஃபாதர் வாஸ் ரீடிங் த பேப்பர்.'

இதிலும் ஒரு விலக்கு உண்டு. 'நோ', 'பிலாங்' போன்ற சொற்கள் செயலைவிட நிலையையே குறிப்பவை. 'வென் ஐ மெட் ஹிம், ஹி ______ த ஆன்சர்' என்ற வாக்கியத்தில், விடை அவருக்கு முன்பே தெரிந்திருந்தாலும் 'வாஸ் நோயிங்' வராது. 'நியூ' என்பதே சரி.

கன்டினியுவஸ்தான் என்று முடிவுசெய்த பிறகு எழுவாயை ஒருமுறை திரும்பப் பாருங்கள். 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' என்றால் 'வாஸ்'. 'வீ', 'யூ', 'தே' என்றால் 'வேர்'.